கடன் வட்டியைக் கூட்டினால் எம்.ஐ.ஆர்.ஆர். ஏறுகிறது: எங்கே பிழை?

மாறன்

ஒரு திட்ட அறிக்கையை முடிக்கும் தறுவாயில் ஒரு இடத்தில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். ஓர் இயந்திரம்: இன்று 1000 போட வேண்டும். முதல் இரண்டு ஆண்டுகளில் தலா 400 வரும். 3ஆம் ஆண்டில் உருளைகளையும் மோட்டாரையும் மாற்ற வேண்டியிருப்பதால், வரவு செலவு போக நிகரமாக 300 கையை விட்டுப் போகும். 4, 5ஆம் ஆண்டுகளில் தலா 600. அதோடு இயந்திரத்தின் ஆயுள் முடிந்தது. எண்கள் எல்லாம் ஆயிரத்தில்.

சாதாரண ஐ.ஆர்.ஆர். 18.6% வருகிறது. நடுவில் வரும் பணத்தை 18.6%க்கு எங்கேயும் போட்டு வைக்க முடியாது, 7%தான் கிடைக்கும். கடன் வாங்கினால் 12%. அதனால் எம்.ஐ.ஆர்.ஆர். போட்டேன். பிறகு, கடன் வட்டி ஏறினால் என்ன ஆகும் என்று மேலாளர் கேட்டதால் 12ஐ 18 ஆக்கிப் பார்த்தேன்.

```
A1:F1    -1000   400   400   -300   600   600
=MIRR(A1:F1, 12%, 7%)     13.2%
=MIRR(A1:F1, 18%, 7%)     13.8%
```

கடன் விலை ஏறினால் திட்டம் எப்படி நன்றாக முடியும்? மூன்று முறை சரிபார்த்துவிட்டேன். இப்படியே மேலே கொடுத்தால், முதல் கேள்விக்கே பதில் சொல்ல முடியாமல் நிற்பேன்.

சுந்தரம்

நிதியளிப்பு விகிதம் விடையைத் தொடவே தொடாது, நண்பரே. நான் எத்தனையோ திட்டங்களுக்கு இந்தச் சார்பைப் பயன்படுத்தியிருக்கிறேன். 10% கொடுத்தாலும் 20% கொடுத்தாலும் ஒரே எண்தான் வரும். மறுமுதலீட்டு விகிதம் மட்டுமே விடையை நகர்த்தும். நீங்கள் இரண்டையும் இடம் மாற்றிக் கொடுத்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். சார்பில் இரண்டாவதாகக் கடன் விகிதம், மூன்றாவதாக மறுமுதலீடு. இன்னொரு முறை பாருங்கள்.

மாறன்

பார்த்தேன் ஐயா. வரிசை சரியாகத்தான் இருக்கிறது. விடை நகர்கிறது என்பதும் உண்மை.

வேல்விழி

மாறன், உங்கள் தாளில் பிழை இல்லை. இடம் மாறியிருந்தால் 14.6 வந்திருக்கும். சுந்தரம் ஐயா சொல்வதும் அவர் பார்த்த திட்டங்களைப் பொறுத்தவரை சரிதான். அவற்றிலெல்லாம் பணம் முதல் நாளில் மட்டுமே வெளியே போயிருக்கும். முதல் நாள் செலவு ஏற்கெனவே இன்றைய மதிப்பில் இருக்கிறது. அதை எந்த விகிதத்தால் இன்றைக்குக் கொண்டுவந்தாலும் அதே 1000தான். நடுவில் ஒரு கழித்தல் குறி வரும்போதுதான் கடன் விகிதத்துக்கு வேலை வருகிறது. உங்களுடைய -300 அப்படிப்பட்டது.

விரிதாள் செய்வதை அப்படியே கையால் செய்து காட்டுகிறேன். கழித்தல் குறியுள்ள எல்லாவற்றையும் கடன் விகிதத்தால் இன்றைக்கு இழுத்து வருகிறது. கூட்டல் குறியுள்ள எல்லாவற்றையும் மறுமுதலீட்டு விகிதத்தால் கடைசி ஆண்டுக்குத் தள்ளுகிறது.

```
இன்று:        1000 + 300/1.12^3                           = 1213.53
5ஆம் ஆண்டு:   400*1.07^4 + 400*1.07^3 + 600*1.07 + 600    = 2256.34
(2256.34/1213.53)^(1/5) - 1                               = 13.2%
```

300ஐ 12%ஆல் இன்றைக்குக் கொண்டுவந்தால் 213.53. 18%ஆல் கொண்டுவந்தால் 182.59. விகிதம் கூடக்கூட, பிற்காலச் செலவு இன்று சிறியதாகத் தெரிகிறது. வகுக்கும் எண் சிறுத்தால் விடை பெருக்கத்தானே செய்யும்? 13.8 வந்தது அப்படித்தான்.

இதற்கு என்ன பொருள் என்பதுதான் கவனிக்க வேண்டியது. "இன்று 213.53ஐ ஒதுக்கி வைத்தால் மூன்று ஆண்டில் அது 300 ஆகிவிடும், அதை எடுத்து உருளைகளை மாற்றுவேன்" என்று இந்தக் கணக்கு சொல்கிறது. ஒதுக்கி வைத்த பணம் 12% வளர வேண்டும் என்றால் எங்கே வளரும்? உங்களுக்குக் கிடைப்பது 7%தான் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். கடன் வட்டி என்று பெயர் சூட்டிய எண், இந்தச் சூத்திரத்துக்குள் போனதும் வைப்பு வட்டியைப் போல நடந்துகொள்கிறது. உங்கள் மேலாளர் கேட்ட கேள்விக்கு இந்தச் சார்பில் விடை இல்லை.

கதிரொளி

நான் இதில் கற்றுக்குட்டி. ஒரு சந்தேகம். எங்கள் நிறுவனம் இலாபத்தில் 40%ஐப் பங்குதாரர்களுக்குக் கொடுக்காமல் தொழிலிலேயே திரும்பப் போடுகிறது. அப்படியானால் மறுமுதலீட்டு விகிதம் என்ற இடத்தில் 40% என்று கொடுக்க வேண்டுமா? கொடுத்துப் பார்த்தால் விடை மிகவும் அழகாக இருக்கிறது.

வேல்விழி

வேண்டாம் தம்பி. நீங்கள் சொல்வது இலாபத்தில் எவ்வளவு பங்கு தங்குகிறது என்பது. இங்கே கேட்பது, தங்கிய பணம் ஆண்டுக்கு எவ்வளவு சம்பாதிக்கும் என்பது. திரும்பப் போட்ட பணம் எந்த வேலைக்குப் போகிறது, அது உண்மையில் என்ன ஈட்டுகிறது என்று கணக்குப் பிரிவில் கேளுங்கள். அந்த எண்தான் வேண்டும்.

இளவேனில்

மாறன் கொடுத்த அதே எண்களை எங்கள் அலுவலக வார்ப்புத் தாளில் போட்டேன். 12%, 7% கொடுத்தால் எனக்கு 13.2 வரவில்லை, 10.1 வருகிறது. இரண்டு பேரும் ஒரே சார்பைத்தானே பயன்படுத்துகிறோம்? ஐ.ஆர்.ஆர். மட்டும் 18.6 என்று ஒத்துப்போகிறது. அதனால் எண்களைத் தட்டும்போது தவறு செய்யவில்லை என்று உறுதியாகச் சொல்ல முடியும்.

வேல்விழி

உங்கள் வார்ப்புத் தாளில் எத்தனை ஆண்டுகளுக்கு இடம் இருக்கிறது? பத்தா? 6 முதல் 10 வரை பூச்சியம் நிரம்பியிருக்கிறதா?

இளவேனில்

ஆமாம், பத்து. பணவரத்து இல்லாத ஆண்டுகளில் பூச்சியம் தானாக வந்து உட்காரும்படி அமைத்திருக்கிறார்கள். அது எப்படிப் பாதிக்கும்? பூச்சியத்தை எத்தனை முறை கூட்டினாலும் பூச்சியம்தானே?

வேல்விழி

ஐ.ஆர்.ஆருக்கு அது பூச்சியம்தான். அதனால்தான் உங்கள் 18.6 அசையவில்லை. எம்.ஐ.ஆர்.ஆருக்குப் பூச்சியம் ஓர் ஆண்டு. தாளில் எத்தனை எண்கள் இருக்கின்றன என்று எண்ணித்தான் அது திட்டத்தின் முடிவை வைக்கிறது. நீங்கள் ஐந்து பூச்சியங்கள் சேர்த்ததும், 5ஆம் ஆண்டில் கையில் இருந்த 2256.34 மேலும் ஐந்து ஆண்டுகள் 7%இல் கிடந்து 3164.63 ஆகிறது. பிறகு பத்தாம் மூலம் எடுக்கிறது. நல்ல ஐந்து ஆண்டுகளையும் சோம்பலான ஐந்து ஆண்டுகளையும் கலந்தால் 10.1. இன்னும் பூச்சியங்களைச் சேர்த்துக்கொண்டே போனால் 7ஐ நோக்கிச் சரிந்துகொண்டே இருக்கும்.

இதற்கு நேர்மாறான பள்ளம் ஒன்றும் உண்டு. பணவரத்து இல்லாத ஓர் ஆண்டை நடுவில் வெற்றுக் கட்டமாக விட்டுவிட்டால், எக்செல் அந்தக் கட்டத்தை எண்ணாது. பின்னால் உள்ள எல்லா எண்களும் ஓர் ஆண்டு முன்னால் நகர்ந்ததுபோல் கணக்குப் போடும். நடுவில் பூச்சியம் கட்டாயம் வேண்டும், வாலில் பூச்சியம் கூடாது. இதைக் கண்டுபிடிக்க எளிய வழி: விடையோடு ஒன்றைக் கூட்டி, ஆண்டுகளின் எண்ணிக்கையால் அடுக்கேற்றி, 1213.53ஆல் பெருக்குங்கள். 2256.34 திரும்பி வந்தால் ஆண்டுகள் சரி.

இளவேனில்

பெருக்கிப் பார்த்தேன். 13.2ஐ வைத்து ஐந்து அடுக்குக்கு ஏறக்குறைய வருகிறது, 10.1க்குப் பத்து அடுக்கு எடுத்தால் 3164க்கு அருகில் வருகிறது. சென்ற ஆண்டு இந்தத் தாளில்தான் நான்காண்டுத் திட்டத்தையும் ஒன்பதாண்டுத் திட்டத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டோம். இரண்டுக்கும் பத்து ஆண்டு என்று போயிருக்கிறது. ஒருவகையில் அது ஒப்பீட்டுக்கு நல்லதுதானோ?

வேல்விழி

நல்ல கேள்வி, இதில் எனக்கும் முழுத் தெளிவு கிடையாது. ஒரே முடிவு ஆண்டு என்பது வரை ஒப்பீடு நேர்மையானது. ஆனால் நான்காண்டுத் திட்டம் முடிந்தபின் வரும் ஆறு ஆண்டுகளும் பணம் 7%இல் கிடக்கும் என்று சொல்வது கனமான அனுமானம். அதற்குள் இன்னொரு நல்ல இயந்திரம் வாங்கலாம். வாங்குவோம் என்று யார் உறுதி சொல்வது? அறிக்கையில் எழுதுவதானால் "இரண்டுக்கும் பத்து ஆண்டு வரை, இடைக்காலப் பணம் 7%" என்று விடைக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள். ஒளித்து வைக்காதீர்கள்.

பாத்திமா

என் கதையும் இதே போன்றது என்று நினைத்து வந்தேன். நாங்கள் இருவர் கூட்டாக ஒரு சிறு ஆலை நடத்துகிறோம். ஒரு பகுதி கைப்பணம், மீதி வங்கிக் கடன். நான் போட்ட பணவரத்தில் முதல் ஆண்டில் எங்கள் கைப்பணம் மட்டும் கழித்தல், அடுத்த ஆண்டுகளில் தவணையும் வட்டியும் கட்டிய பிறகு மிஞ்சியது. ஓராண்டு தவணை அதிகமானதால் மிச்சமே கழித்தலாகிவிட்டது. கடன் விகிதம் என்ற இடத்தில் வங்கி வட்டியைக் கொடுத்தேன். கூட்டாளி போட்ட கணக்கில் கடனே தெரியாமல் முழு ஆலைக்கும் போட்டிருக்கிறார். என் விடை அவருடையதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. யார் கணக்கு தவறு என்று ஒரு வாரமாகச் சண்டை.

வேல்விழி

சண்டை வேண்டாம் பாத்திமா, இரண்டும் இரண்டு கேள்விகளுக்கான விடைகள். அவர் கேட்டது ஆலை என்ன ஈட்டுகிறது என்று. நீங்கள் கேட்டது உங்கள் கைப்பணம் என்ன ஈட்டுகிறது என்று. கைப்பணம் குறைவு என்பதால் உங்கள் எண் பெரியது. அந்தப் பெரிய எண்ணுக்குள் பெரிய ஆபத்தும் இருக்கிறது. அதை வங்கி வட்டியோடு ஒப்பிடாதீர்கள். இதே பணத்தை இதே அளவு ஆபத்தான வேறு இடத்தில் போட்டால் என்ன எதிர்பார்ப்பீர்களோ அதோடு ஒப்பிடுங்கள்.

ஆனால் உங்கள் கணக்கில் ஒரு சிக்கல் உண்டு. வங்கி வட்டியைத் தவணையில் ஏற்கெனவே கட்டிவிட்டீர்கள். அதே விகிதத்தை மறுபடியும் சார்புக்குள் கொடுத்தால், கடன் இருமுறை உள்ளே வருகிறது. தவணை அதிகமான அந்த ஆண்டில் குறைந்த பணத்தை எங்கிருந்து கொண்டுவந்தீர்கள்?

பாத்திமா

முந்தைய ஆண்டில் எடுக்காமல் விட்டு வைத்திருந்த இலாபத்திலிருந்து. வங்கிக் கணக்கில் சும்மாதான் கிடந்தது.

வேல்விழி

அப்படியானால் அந்தக் கழித்தலைத் தனியாக இன்றைக்கு இழுத்து வராதீர்கள். முந்தைய ஆண்டு மிச்சத்தை, அது உண்மையில் ஈட்டிய வட்டியோடு வளர்த்து, அதிலிருந்து கழியுங்கள். உங்கள் கைக்கு எட்டியது என்ன என்பது அப்போது சரியாகத் தெரியும்.

மாறனுக்கும் இதே வழிதான். 300 எங்கிருந்து வரும் என்று முதலில் தீர்மானியுங்கள். நான் மூன்று வகையில் போட்டுப் பார்த்தேன்.

முதல் இரண்டு ஆண்டுகளின் 400களை 7%இல் வைத்திருந்தால் 3ஆம் ஆண்டு முடிவில் 885.96 இருக்கும். அதிலிருந்தே 300 எடுத்துக்கொள்ளலாம். மீதி 585.96 தொடர்ந்து வளரட்டும். 5ஆம் ஆண்டில் மொத்தம் 1912.87. இன்று போட்டது வெறும் 1000. விடை 13.9%. கடனே இல்லை, ஆகவே கடன் வட்டி ஏறினாலும் இறங்கினாலும் இதற்குக் கவலை இல்லை.

அந்தப் பணத்தை உங்கள் நிறுவனம் வேறு வேலைக்கு எடுத்துவிடும், 3ஆம் ஆண்டில் புதிதாகக் கடன் வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால், 300ஐ 12%இல் வாங்கி 5ஆம் ஆண்டில் 376.32 ஆகத் திருப்பிக் கொடுக்கிறீர்கள். இறுதியில் 1880.02 நிற்கும். விடை 13.5%. இப்போது வட்டியை 18 ஆக்குங்கள்: திருப்பிக் கொடுப்பது 417.72, விடை 13.0%. கடன் விலை ஏறினால் திட்டம் மெலிகிறது. உங்கள் மேலாளர் கேட்டது இதைத்தான்.

பழுதுபார்ப்புக்கென்று இன்றே நிதி ஒதுக்கியாக வேண்டும் என்று யாராவது கட்டாயப்படுத்தினால், ஒதுக்கும் பணமும் 7%தான் ஈட்டும். 300க்கு இன்று 244.89 வேண்டும். விடை 12.6%. சார்பில் இரண்டு இடத்திலும் 7% கொடுத்தால் இது நேராகவே வரும்.

சுந்தரம்

வேல்விழி அம்மா, நடுவில் கழித்தல் வந்தால் கடன் விகிதம் விடையைத் தொடும் என்று ஒப்புக்கொள்கிறேன். நான் அப்படிப்பட்ட திட்டத்தைப் போட்டதே இல்லை என்பது இப்போதுதான் உறைக்கிறது. ஆனால் 12%ஆல் இன்றைக்குக் கொண்டுவருவது பொருளற்றது என்பதை மட்டும் ஏற்க மாட்டேன். எங்கள் நிறுவனத்துக்கு ஏற்கெனவே 12%இல் ஓடிக்கொண்டிருக்கும் கடன் கணக்கு ஒன்று இருக்கிறது. எப்போது வேண்டுமானாலும் கட்டலாம், எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். கையில் உள்ள 213.53ஐ இன்று அதில் கட்டினால், மூன்று ஆண்டில் 300 அளவுக்குக் கடன் குறைந்திருக்கும். அன்று 300ஐ எடுத்து உருளை வாங்கலாம். அந்தப் பணம் 12% ஈட்டியது உண்மைதானே? வைப்பில் போட்டால்தான் ஈட்டம் என்று இல்லையே!

வேல்விழி

உங்கள் வாதம் செல்லும் ஐயா. நான் "எங்கே வளரும்" என்று கேட்டதற்கு நீங்கள் இடம் காட்டிவிட்டீர்கள். அப்படி ஒரு கடன் கணக்கு இருக்கும் வரை 12% நியாயமானது.

ஆனால் அதே கணக்கு இருக்கும்போது, முதல் ஆண்டில் வந்த 400ஐ ஏன் 7%இல் வைக்கிறீர்கள்? அதையும் கடனில் கட்டினால் 12% மிச்சமாகுமே. செலவுக்கு அந்தக் கதவைத் திறந்துவிட்டு வரவுக்கு மூடி வைக்க முடியாது. இரண்டு இடத்திலும் 12% கொடுங்கள்: வரவுகள் 2463.38 ஆக வளரும், விடை 15.2%. அதோடு, அந்த 15.2% உங்கள் 12%ஐத் தாண்டுகிறதா என்ற கேள்வியும், 12%இல் என்.பி.வி. கூட்டலா கழித்தலா என்ற கேள்வியும் ஒன்றாகிவிடும். என்.பி.வி. இங்கே 184.3, கூட்டல்தான்.

கடன் தீரும் வரை 12, தீர்ந்த பிறகு 7 என்பதுதான் பெரும்பாலான இடங்களில் நடப்பது. அதை ஆண்டு ஆண்டாகத் தாளில் எழுதித்தான் போட முடியும். இரண்டு விகிதங்களை மட்டும் கேட்கும் சார்புக்குள் அது அடங்காது.

சுந்தரம்

கடன் கணக்குக்கு வரம்பு உண்டு. வரும் பணம் முழுவதையும் அதில் கட்ட எப்போதும் விடமாட்டார்கள், சில ஆண்டுகளில் நடைமுறை மூலதனம் தேவைப்படும். ஆகவே வரவுக்கு 7, செலவுக்கு 12 என்று வைப்பது முன்னெச்சரிக்கையான கணக்கு என்றே இன்னமும் நினைக்கிறேன்.

வேல்விழி

வரவுக்கு 7 முன்னெச்சரிக்கை, சரி. செலவுக்கு 12 முன்னெச்சரிக்கை இல்லை ஐயா. பிற்காலச் செலவைப் பெரிதாகக் காட்டுவதுதான் எச்சரிக்கை, அதற்குச் சிறிய விகிதம் வேண்டும். 7ஐக் கொடுத்தால் 12.6, 12ஐக் கொடுத்தால் 13.2. இதில் எது அடக்கமான எண் என்று நீங்களே பாருங்கள். முதல் எட்டில் எல்லாருக்கும் தடுமாறும் இடம் இது, எனக்கும் பல நாள் தடுமாறியது.

சுந்தரம்

இதை இரவு தாளில் போட்டுப் பார்க்கிறேன். கடன் வரம்போடு சேர்த்துப் போட வேண்டும்.

மாறன்

நிதிப் பிரிவில் இன்று கேட்டுவிட்டேன். முதல் இரண்டு ஆண்டு வரவை யாரும் ஒதுக்கி வைக்கமாட்டார்கள், அது வேறொரு கட்டடத்துக்குப் போகிறதாம். 3ஆம் ஆண்டில் புதுக் கடன்தான். ஆகவே 13.5ஐ முதன்மை விடையாக வைத்து, வட்டி 18 ஆனால் 13.0 என்று பக்கத்தில் எழுதப்போகிறேன். சார்பு தந்த 13.2, 13.8 இரண்டையும் எடுத்துவிட்டேன்.

ஒன்று மட்டும் இன்னும் உறுத்துகிறது. அந்த 400கள் வேறு கட்டடத்துக்குப் போகின்றன என்றால் அவை 7% ஈட்டுகின்றன என்று நான் எப்படி எழுதுவது? கட்டடம் என்ன ஈட்டும் என்று நிதிப் பிரிவிடம் எண் இல்லை.

வேல்விழி

எண் வரும் வரை 7ஐ மாற்றாதீர்கள். கட்டடம் 10% ஈட்டும் என்று நம்பி எழுதினால், கட்டடத்தின் நல்ல பெயர் உங்கள் இயந்திரத்தின் கணக்கில் ஏறிவிடும். ஆனால் கட்டடம் நட்டமடைந்தால் இயந்திரத்தின் தலையில் போடலாமா என்று யாராவது கேட்டால் என்னிடமும் நல்ல பதில் இல்லை. 400கள் 5%இல் வளர்ந்தால் என்ன, 9%இல் வளர்ந்தால் என்ன என்று இரண்டு வரிகள் கூடப் போட்டு அனுப்புங்கள்.

இளவேனில்

வார்ப்புத் தாளில் வாலில் பூச்சியம் வராதபடி மாற்றச் சொல்லி எழுதிவிட்டேன். சென்ற ஆண்டின் அந்த இரண்டு திட்டங்களையும் இந்த வாரம் மறுபடி போடுகிறோம். நான்காண்டுத் திட்டத்தை அன்று தள்ளிவிட்டோம். விடை மாறினால் இங்கே வந்து சொல்கிறேன்.